பலவுள் தெரிக இலக்கணத் தேர்வு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்வு பற்றிய முதல் அறிவிப்பு வீடுகளுக்குப் போன நாளிலிருந்து, பள்ளி வாசலிலும் தொலைபேசியிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

தேர்வு எப்படி இருக்கும்? கையால் எழுத வேண்டியது ஏதாவது உண்டா?

எழுத வேண்டியது பெயரும் வரிசை எண்ணும் மட்டுமே. மொத்தம் 40 வினாக்கள், ஒரு மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் அ, ஆ, இ, ஈ என நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றே சரி. வினாத்தாள் தனி, விடைத்தாள் தனி. விடைத்தாளில் வினா எண்ணுக்கு நேரே நான்கு வட்டங்கள் இருக்கும். சரியெனக் கருதும் வட்டத்தைக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஓ.எம்.ஆர். தாள் என்பது இதுதான்.

மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள்?

சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடையளிக்காமல் விட்ட வினாவுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆக, முழு மதிப்பெண் 120.

ஒரு மாணவி 34 வினாக்களுக்கு விடையளித்து 6 வினாக்களை விட்டுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அளித்த விடைகளில் 25 சரி, 9 தவறு. சரியானவற்றுக்கு 75 மதிப்பெண். தவறானவற்றுக்கு 9 கழிந்தால் 66. விட்ட ஆறும் கணக்கில் வராது. மதிப்பெண் அட்டையில் 66/120 என்று இருக்கும். கழித்துக் கழித்துக் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் அட்டையில் பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவோம்.

தவறு செய்தால் இருந்த மதிப்பெண்ணையும் பிடுங்குவீர்களா? பிள்ளைகள் பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டவர்களே அதிகம். தண்டிப்பதற்காக வைத்த விதி அல்ல இது. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட, சராசரியாக நான்கு முறைக்கு ஒரு முறை சரியாக விழும். கழித்தல் இல்லாவிட்டால், ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் 40 வினாக்களில் ஏறத்தாழ பத்து சரியாகிவிடும். 30 மதிப்பெண் சும்மா வரும். அதே நேரத்தில், தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாக விட்ட பிள்ளை அந்த 30-ஐ இழந்து நிற்கும். அதுதான் உண்மையான பாவம்.

3-க்கு 1 என்ற அளவும் கணக்குப் பார்த்து வைத்ததே. குருட்டாம்போக்கில் நான்கு வினாக்களுக்கு விடையளித்தால் ஒன்று சரியாகி 3 வரும். மூன்று தவறாகி 3 போகும். வரவும் செலவும் சமம்.

அப்படியானால் சந்தேகம் வந்தாலே விட்டுவிடச் சொல்லலாமா?

வேண்டாம். இங்கேதான் பலர் தவறான அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள். நான்கும் புரியவில்லை என்றால்தான் விடுவதும் ஊகிப்பதும் ஒன்று. ஒரே ஒரு விடையையாவது ‘இது நிச்சயமாகத் தவறு’ என்று தள்ளிவிட முடிந்தால், மிச்சம் மூன்று. அப்படிப்பட்ட மூன்று வினாக்களில் சராசரியாக ஒன்று சரியாகும், இரண்டு தவறாகும்: 3 வந்து 2 போகும், 1 மிஞ்சும். இரண்டைத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது: இரண்டு வினாக்களில் 3 வந்து 1 போகும்.

ஆகவே பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘ஒன்றையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால் விடை சொல், முடியாவிட்டால் விட்டுவிடு.’ ‘காரணத்தோடு’ என்பது முக்கியம். பார்க்க நன்றாக இல்லை என்பது காரணமாகாது.

எல்லாவற்றுக்கும் ‘ஆ’ என்றே நிரப்பினால் கொஞ்சமாவது கிடைக்குமாமே?

சரியாகப் பூஜ்ஜியம் கிடைக்கும். அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றும் பத்து வினாக்களுக்கு விடையாக வரும்படிதான் வினாத்தாளை அமைக்கிறோம். பத்து சரிக்கு 30, முப்பது தவறுக்கு 30.

வட்டத்தை நிரப்பும்போது கை தவறிவிட்டால் என்ன செய்வது?

ஒரே வரிசையில் இரண்டு வட்டங்கள் நிரம்பியிருந்தால் அது தவறான விடையாகவே கொள்ளப்படும், 1 கழியும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவோ வெண்மை பூசவோ கூடாது. பாதி நிரப்பிய வட்டத்தையும் டிக் அடித்ததையும் இயந்திரம் சில சமயம் படிக்கும், சில சமயம் படிக்காது. இயந்திரம் ஐயத்தோடு ஒதுக்கும் தாள்களை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஆனாலும் வட்டத்தை முழுமையாக நிரப்பப் பழக்குவது உங்களுக்கும் எங்களுக்கும் நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து வரிசை மாறுவது. பன்னிரண்டாம் வினாவை விட்டுவிட்டுப் பதின்மூன்றின் விடையைப் பன்னிரண்டுக்கு நேரே நிரப்பிவிட்டால், அதன் பிறகு எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே இது நேர்கிறது. விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவர்களுக்குத்தானே இருக்கிறது! ஐந்து வினாக்களுக்கு ஒரு முறை வினாத்தாளின் எண்ணும் விடைத்தாளின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்? இலக்கணம் முழுவதுமா?

இல்லை. 40 வினாக்களில் 24 வல்லின ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றியவை. மீதி 16 வினாக்கள் எழுவாயும் பயனிலையும் பொருந்துவது, ஒரு/ஓர், அன்று/அல்ல ஆகியவை. யாப்பும் அணியும் இந்தத் தேர்வில் கிடையாது.

பின்சொன்னவை எளிது. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மற்றவற்றுக்கு முன் ‘ஒரு’: ஓர் ஊர், ஒரு நகரம். ஒருமைக்கு ‘அது அன்று’, பன்மைக்கு ‘அவை அல்ல’. ‘மாடுகள் மேய்ந்தது’ தவறு, ‘மாடுகள் மேய்ந்தன’ சரி. ஒரு வாரம் போதும். மிச்ச நேரத்தை எல்லாம் ஒற்றுக்குக் கொடுங்கள்.

ஒற்று மிகும், மிகாது என்பதெல்லாம் எங்களுக்கே மறந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

முதல் படி விதியே அல்ல, பார்வை. இரண்டாவது சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தொடங்காவிட்டால் அந்த இடத்தில் கேள்வியே இல்லை. (வல்லினத்தில் ட-வும் ற-வும் உண்டு, ஆனால் அவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை.) ஒரு பத்தியில் இந்த நான்கு எழுத்துகளின் வரிசையில் தொடங்கும் சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னால், வேலையில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்து, முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு வேண்டிய மிகும் இடங்கள் மூன்றே. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி என்பவற்றின் பின் மிகும்: அந்தப் பையன், எப்படிச் செய்தாய். வெளிப்பட நிற்கும் ‘ஐ’, ‘கு’ உருபுகளின் பின் மிகும்: பாடத்தைப் படித்தான், பள்ளிக்குச் சென்றான். ‘ட்டு’, ‘த்து’, ‘ற்று’ என்றோ இகரத்திலோ முடியும் வினையெச்சத்தின் பின் மிகும்: கேட்டுச் சொன்னாள், படித்துப் பார்த்தான், ஓடிப் போனான்.

மிகாத இடங்களும் மூன்று போதும். ‘ந்து’, ‘ண்டு’, ‘ன்று’, ‘ய்து’ என முடியும் வினையெச்சத்தின் பின் மிகாது: வந்து போனான், கண்டு பேசினான், நின்று பார்த்தான், செய்து கொடுத்தான். வந்த, படித்த போன்ற பெயரெச்சத்தின் பின் மிகாது: வந்த பையன், படித்த பாடம். எழுவாயின் பின்னும், ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும் இடத்திலும் மிகாது: புலி பாய்ந்தது, நூல் படித்தான்.

‘அந்தப் பையன்’ என்பதையும் ‘வந்த பையன்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பிள்ளையிடம் காட்டுங்கள். இரண்டு சொல்லும் ‘ந்த’ என்றே முடிகின்றன. ஒன்றில் ஒற்று வருகிறது, மற்றொன்றில் வரவில்லை. ‘ஏன்?’ என்று கேளுங்கள். ‘முதலாவது சுட்டிக்காட்டுகிறது, இரண்டாவது ஒரு செயலைச் சொல்கிறது’ என்று பிள்ளை தானாகச் சொல்லிவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு மாதிரி வினா காட்டுங்கள். நான்கு விடையும் ஒன்றுபோலவே இருக்கிறது என்கிறான் மகன்.

அவன் சொல்வது சரி. அப்படித்தான் அமைக்கிறோம். பாருங்கள்:

பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுக்க.
அ) அந்தச் சிறுமி கதையைக் கேட்டு வந்துச் சொன்னாள்.
ஆ) அந்த சிறுமி கதையைக் கேட்டு வந்து சொன்னாள்.
இ) அந்தச் சிறுமி கதையைக் கேட்டு வந்து சொன்னாள்.
ஈ) அந்தச் சிறுமி கதையை கேட்டு வந்து சொன்னாள்.

நான்கையும் முழுதாகப் படித்து ஒப்பிட்டால் கண் மங்கிவிடும். தொடரில் உள்ள மூட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘சிறுமி’, ‘கதையை’, ‘கேட்டு’, ‘சொன்னாள்’ என்ற நான்கு சொற்கள்தாம் க, ச வரிசையில் தொடங்குகின்றன. ‘சிறுமி’ எழுவாய் என்பதால் ‘கதையை’ என்பதற்கு முன் மிகாது, நான்கு விடைகளிலும் அங்கே ஒற்று இல்லை. ‘வந்து’ வகரத்தில் தொடங்குவதால், ‘கேட்டு’ என்பதற்குப் பின் கேள்வி எழவில்லை. இனி மூன்று முடிவுகள்தாம். அந்த + சிறுமி: சுட்டு, மிகும், ‘ஆ’ போயிற்று. கதையை + கேட்டு: ‘ஐ’ உருபு, மிகும், ‘ஈ’ போயிற்று. வந்து + சொன்னாள்: ‘ந்து’ வினையெச்சம், மிகாது, ‘அ’ போயிற்று. மிஞ்சியது ‘இ’.

தவறான மூன்று விடைகளிலும் ஒவ்வொரு பிழைதான் இருப்பதைக் கவனியுங்கள். பிள்ளை ‘அ’ என்று நிரப்பினால், மிகும் விதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதைத் திணிக்கிறான் என்று தெரியும். ‘ஈ’ என்று நிரப்பினால், உருபு கண்ணில் படவில்லை. தவறான விடைகூட எங்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை மெனக்கெடுகிறோம்.

சொல்ல மறந்தேன்: ‘நான்கு விடையும் இருக்கிறது’ என்ற கேள்வியே ஒரு பயிற்சி வினா. நான்கு விடைகள் ‘இருக்கின்றன’ என்றுதான் வர வேண்டும். கேட்டவரின் அனுமதியோடுதான் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

வாய்விட்டுப் படித்தாலே ஒற்று வருமா வராதா என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ச-வில் காது பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடும். ‘அந்தச் சிறுமி’ என்னும்போது வரும் அழுத்தமான சகரமும், ‘வந்து சொன்னாள்’ என்னும்போது வரும் மெல்லிய சகரமும் வெவ்வேறாகக் கேட்கும். க, த, ப-வில் வித்தியாசம் அழுத்தத்தில் மட்டுமே இருப்பதால், வேகமாகப் படிக்கும் பிள்ளைக்குப் பிடிபடாது. எல்லாச் சகரத்தையும் ஒரே மாதிரி ஒலிப்பவர்களுக்கு ச-வும் உதவாது.

இன்னொன்று: வீட்டுக்கு வரும் அச்சு எல்லாவற்றிலும் ஒற்று ஒழுங்காக இருப்பதில்லை. விளம்பரப் பலகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண் எதைப் பார்த்துப் பழகியதோ அதுவே சரியென்று காதும் சொல்லும். எனவே காது ஊகம் சொல்லட்டும்; தீர்ப்பை விதியிடம் விடுங்கள்.

தினமும் வீட்டில் என்ன செய்யலாம்? டியூஷன் வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். தமிழ்ப் பாடநூலில் ஏதாவது ஓர் உரைநடைப் பத்தியில் பத்து வரி எடுத்து, சொற்களுக்கு நடுவில் வரும் க், ச், த், ப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். ‘அந்தப் பையன்’ இருந்தால் ‘அந்த பையன்’ என்று எழுதுங்கள். பிள்ளை விடுபட்ட ஒற்றுகளைச் சிவப்பு மையால் சேர்க்கட்டும். பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். இலக்கணம் மறந்துபோன பெற்றோருக்கும் இது வசதி. விடை நூலிலேயே இருக்கிறது.

பிழைகளை இரண்டு பத்திகளாகக் குறித்து வையுங்கள்: சேர்க்க மறந்தவை, தேவையில்லாமல் சேர்த்தவை. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ‘ஐ உருபு’, ‘பெயரெச்சம்’ என்று ஒரு சொல்லில் காரணம் எழுதச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால், பிள்ளை தவறுவது இருபது இடங்களில் அல்ல, இரண்டு மூன்று இடங்களில்தான் என்று பெரும்பாலும் தெரியும்.

தேர்வுக்கு முந்தைய வாரம், நான்கு விடையுள்ள வினாக்களுக்குப் போகலாம். அப்போது விடைகளைத் தாளால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டாகச் சொல்லிப் பிள்ளை முதலில் தானே முடிவெடுக்கட்டும். அதன் பிறகு தாளை எடுங்கள். விடைகளை முதலில் பார்த்த பிள்ளையின் கண், தவறான வடிவத்தையும் பழக்கமானதாக எடுத்துக்கொள்ளும்.

பயிற்சி தொடங்கியபின் பிழை கூடிவிட்டது. விட்டுவிடலாமா?

எந்தப் பத்தியில் கூடியது என்று பாருங்கள். ‘தேவையில்லாமல் சேர்த்தவை’ கூடியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மிகும் விதியைப் புதிதாகக் கற்ற பிள்ளை கொஞ்ச நாள் ‘வந்துப் போனான்’, ‘படித்தப் பாடம்’ என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் மிகும் இடங்களை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன மூன்று மிகா இடங்களை மட்டும் நான்கைந்து நாள் பழக்குங்கள். ‘சேர்க்க மறந்தவை’ குறையாமல் நின்றால், பிள்ளை க, ச, த, ப என்ற முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறது. அடிக்கோடிடுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். சரிதானே?

அப்படி ஒரு நம்பிக்கை எல்லாரிடமும் இருக்கிறது. இதைப் பற்றி நடந்த பல ஆய்வுகள் கண்டது வேறு: யோசித்து மாற்றியவை பெரும்பாலும் தவறிலிருந்து சரிக்கே போகின்றன. சரியை மாற்றித் தவறாக்கியது மட்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருப்பதால், அதுதான் நினைவில் நிற்கிறது.

ஆனால் பேனாவால் நிரப்பிய பின் மாற்ற முடியாது. எனவே தயக்கமுள்ள வினாவின் எண்ணை வினாத்தாளில் பென்சிலால் சுழித்துவிட்டு, விடைத்தாளில் அந்த வரிசையை வெறுமையாக விட்டு, அடுத்ததற்குப் போகட்டும். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் இருக்கிறது. தெரிந்தவற்றை முடித்துவிட்டுத் திரும்பி வர நேரம் கிடைக்கும். வரிசை மாறும் ஆபத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் விடைக்குறிப்பே தவறாக இருந்தால்?

இருந்திருக்கிறது. முன்பொரு தேர்வில் ‘பிழையற்றது எது?’ என்று கேட்டு ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ இரண்டையும் விடைகளில் வைத்துவிட்டோம். ‘வேலை கொடு’ மட்டுமே சரி என்பது எங்கள் குறிப்பு. பணியைக் கொடு என்றால் ‘வேலை கொடு’. கையிலுள்ள வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு என்றால் வேல் + ஐ, ஆகவே ‘வேலைக் கொடு’. இரண்டும் சரியே என்று ஒரு தந்தை எழுதிக் கொடுத்தார். மறுக்க வழியில்லை. இரண்டில் எதை நிரப்பியவருக்கும் 3 மதிப்பெண் தந்து, கழித்ததையும் திருப்பிச் சேர்த்தோம். அதிலிருந்து, பொருளால் மாறும் ஒற்றைக் கேட்டால் சூழலையும் வினாவிலேயே தருகிறோம்: ‘அரசன் வீரனிடம், உன் கையிலுள்ள ... கொடு என்றான்.’

விடைக்குறிப்பு தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகளிடம் தரப்படும். மறுப்பு இருந்தால் மூன்று நாளுக்குள், காரணத்தோடு எழுதித் தாருங்கள். இரண்டு விடை சரியென்று தெரிந்தால் இரண்டுக்கும் மதிப்பெண். எந்த விடையும் சரியில்லை என்றால், விட்டவர்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும் 3.

‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா? அதைக் கேட்பீர்களா?

கேட்க மாட்டோம். ‘கள்’ விகுதிக்கு முன் ஒற்று மிகுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரு வடிவமும் அச்சில் வருகின்றன. நான் ‘வாழ்த்துகள்’ என்றுதான் எழுதுவேன். அதற்காக மற்றதை எழுதும் பிள்ளையின் மதிப்பெண்ணில் கை வைக்க எனக்கு உரிமையில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் 70, என் மகன் 66. எதில் பின்தங்கிவிட்டான்?

ஒரே ஒரு வினாவில். சரியான விடை தவறானால் வர வேண்டிய 3 வராது, மேலும் 1 கழியும். ஆக ஒரு வினாவுக்கே 4 மதிப்பெண் வித்தியாசம். அந்த ஒரு வினா ஊகமாகக்கூட இருந்திருக்கலாம். 66-க்கும் 70-க்கும் நடுவில் நான் எந்த வேறுபாட்டையும் பார்ப்பதில்லை. 66-க்கும் 94-க்கும் நடுவில் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

மதிப்பெண் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சுட்டு, உருபு, வினையெச்சம், பெயரெச்சம், எழுவாய்–பயனிலை என்று வகை வாரியாக எத்தனை சரி, எத்தனை தவறு, எத்தனை விட்டவை என்று எழுதியிருப்போம். ஒரு வகையில் தவறு நிறைய, விட்டது குறைவு என்றால், பிள்ளை தவறான விதியை உறுதியாக நம்புகிறது என்று பொருள். விட்டது நிறைய என்றால், விதியே இன்னும் போய்ச் சேரவில்லை. அதை வகுப்பில் நாங்கள் மறுபடி நடத்த வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தையும் வீட்டுக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள்.